கட்டைவிரல் தேடிய தலை

என் அம்மாவின் அப்பா இமாசுவேனுக்குச் சாயங்காலம் ஆனால் ஒரு வேலை உண்டு. விருந்தாளிக்குக் கோலாக்கொட்டை வைத்து நீட்டுகிற மரத்தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இடுப்புத் துணியின் நுனியை விரலில் சுற்றி, தட்டின் மூலைமுடுக்கெல்லாம் துடைப்பார். துடைத்தபடி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொள்வார். முடிந்ததும் தட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பக்கத்தில் இல்லாத யாரிடமோ நீட்டுவார். கொஞ்ச நேரம் காத்திருப்பார். யாரும் வாங்காததால் மறுபடி மடியில் வைத்துக்கொள்வார்.

கடல் தாண்டிப் பட்டாளம் வந்து அரண்மனையை எரித்த பிறகுதான் அவர் இப்படி ஆனார். அதற்கு முன் அரசருடைய உடைமை அறைக்குக் காவலராக இருந்தவர். அந்த அறையில்தான் அரசரையும் பிரபுக்களையும் உருவமாக வார்த்த பித்தளைப் பலகைகள் அடுக்கியிருந்தன. ஒரு முழ நீளம், அரை முழத்துக்கு மேல் அகலம், தூக்கினால் கைக்குழந்தையை விடக் கனம். முன்னொரு காலத்து அரசர்கள் அவற்றைத் தூண்களில் ஆணியடித்து மாட்டியிருந்தார்களாம். அப்புறம் தூண்கள் மாறின, கூரை மாறியது, பலகைகள் அறைக்குள் போயின. ஆனால் சும்மா கிடக்கவில்லை. எந்த விழாவில் எவர் எங்கே நிற்பது, யாருக்குச் சங்கிலி, யாருக்குப் பவளம் என்று சண்டை வந்தால் அரசர் காவலரைப் பார்ப்பார். காவலர் உள்ளே போய் அந்த விழாவைக் காட்டுகிற பலகையை எடுத்து, தூசியைத் துடைத்து, மடியில் நிறுத்திக் காட்டுவார். அதோடு சண்டை தீரும்.

கூரை ஓலைக் கூரை என்பதால் அந்த அறைக்குள் விளக்குக் கொண்டுபோக மாட்டார்கள். இருட்டில் கை வைத்துத்தான் எடுக்க வேண்டும். கேட்ட பலகையை மட்டும் துடைப்பார்கள். மற்றவை தூசிக்குள்ளேயே இருக்கும். பட்டாளத்துக்காரர்கள் உள்ளே நுழைந்தபோது அதைக் கண்டுதான், இவர்களுக்கு இதன் அருமை தெரியவில்லை என்று பேசிக்கொண்டார்களாம். தொள்ளாயிரத்துக்கும் மேலான பலகைகளைக் கப்பலில் ஏற்றினார்கள். படையெடுத்து வந்த செலவுக்கு ஈடாக விற்றார்கள். அரசரைத் தூரத்து ஆற்றுமுகத் துறைமுகத்துக்கு நாடு கடத்தினார்கள். அவர் அங்கேயே இறந்துபோனார்.

பிறகு அவருடைய மகன் அரியணை ஏற அனுமதி வந்தது. ஊருக்கு மூச்சு திரும்பியது போல இருந்தது. புது அரசர் முதலில் கேட்டது, இறந்த தகப்பனாருக்கு எடுக்கிற விழா. அந்த விழாவில் இரண்டு பிரபுக்கள் அரசரின் இரண்டு கையையும் தாங்கிப் பிடித்து நடத்தி வருவார்கள். வலக்கை அசெமோத்தா குடும்பத்துக்கு, இடக்கை அயிக்பே குடும்பத்துக்கு. அதில் சண்டை இல்லை. இடது இடுப்பில் தொங்கவிடுகிற பித்தளைச் சிறுத்தை முகத்தில்தான் சண்டை. அது தனக்கு மட்டும்தான் என்றார் அசெமோத்தா. இருவருக்கும் உண்டு என்றார் அயிக்பே. பிசகாகக் கட்டினால் இறந்த அரசரை அவமதித்ததாகும். அதனால் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

அரண்மனையிலிருந்து என் தாத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அம்மா இவியே அவருக்கு வெள்ளைத் துணி கட்டி, கையைப் பிடித்து அழைத்துப்போய், சபைக்கு வெளியே சுவரோரம் நின்றுகொண்டாள். பிரபுக்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்கப்பட்டது. தாத்தா வாயைத் திறந்தார். மூடினார். கைகள் இரண்டும் முன்னால் நீண்டு காற்றைத் தடவின. பிறகு தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாவம், விடுங்க," என்றார் அசெமோத்தா. "அது காலிப் பானை. தட்டினா சத்தம்தான் வரும். உடைமை அறைக்கு வேற குடும்பத்த வச்சிருங்க. அறையே இல்லாத ஊர்ல காவலுக்கு இவர் எதுக்கு?"

"அறை இல்லாட்டி என்ன? நீ வாயத் தொறந்தா அதுலயே பத்துப் பலகை அடுக்கலாம்," என்றார் அயிக்பே. சிலர் சிரித்தார்கள். அரசர் சிரிக்கவில்லை. விழாவுக்கு முன் இமாசுவேன் பதில் சொல்லட்டும். முடியாவிட்டால் காவல் வேறு வீட்டுக்குப் போகும் என்று தீர்ந்தது.

வரும் வழியில் தாத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இவியே, நான் எங்கம்மா வச்சேன் அத?"

"எதப்பா?"

"எல்லாத்தையும்."

அம்மா அவரை நிழல் பக்கமாக நடத்திக்கொண்டு வந்தாள். காவல் போனால் வீட்டின் பெயர் போகும், அது ஒரு பக்கம். தான் தொலைத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டே அப்பா கண்ணை மூடிவிடுவாரோ என்பதுதான் அவளுக்குப் பயம்.

என் அப்பா எகாதோர் இகுன் தெருக்காரர். பித்தளை வார்க்கிறவர்களின் தெரு அது. அரசர் உத்தரவில்லாமல் அரண்மனைப் பொருளை வார்க்கக் கூடாது என்பதால், அரசர் இல்லாத அந்த வருஷங்களில் தெரு முழுக்கத் துருத்திகள் ஓய்ந்து கிடந்தன. அப்பாவும் கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விட்டார். புது அரசர் வந்ததும் முதல் வேலையாக உலையை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்.

அன்று சாயங்காலம் தாத்தா வழக்கம்போல் மரத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக் கருஞ்சாற்றுக்கு இலை அரைத்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள்.

"ஏங்க, இங்க வாங்க. அப்பா என்ன முணுமுணுக்குறார்னு கேளுங்க."

அப்பா குனிந்து கேட்டார். "இலை... இலை... துணி முடிச்சு... இலை..."

"பசிக்குது போல. சாறு ஆச்சா?"

"உங்களுக்குத்தான் எப்பவும் வயித்து நெனப்பு! பலகையில பின்னாடி முழுக்க என்ன போடுவீங்க?"

அப்பா நிமிர்ந்தார். எந்தப் பலகையானாலும் உருவங்களுக்குப் பின்னால் நான்கு இதழுள்ள ஆற்றிலைகளைக் கீறி, இடைவெளியைப் புள்ளியால் நிரப்புவார்கள். தண்ணீருக்குள் இருக்கிற தெய்வத்தின் இலை அது.

"அவர் தட்டத் தொடைக்கல," என்றாள் அம்மா. "பலகையத் தொடைக்கிறார். அவருக்கு ஞாபகம் தலையில இல்லங்க, கையில இருக்கு. இருட்டுல தடவித் தடவியே எடுத்தவரு. சும்மா நிக்க வச்சு வாயால கேட்டா எப்படி வரும்? கையில ஒண்ணக் குடுங்க."

"பலகையெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"மெழுகு இந்தப் பக்கம்தான இருக்கு?"

மறுநாள் அப்பா தேன்மெழுகை வெயிலில் இளக்கி, நனைத்த மரப்பலகையில் உருட்டித் தகடாக்கினார். நடுவில் அரசர், இரண்டு பக்கமும் கை தாங்குகிற இரண்டு பேர். மெழுகைத் திரித் திரியாகத் திரித்துப் பவளக் கழுத்துப்பட்டை வைத்தார். குச்சியால் இலை கீறினார். இடுப்புகளை மட்டும் வெறுமையாக விட்டு ஐந்தாம் நாள் முடித்தார். கதவை மூடி, ஜன்னல் ஓட்டையில் பாயைத் தொங்கவிட்டு, இருட்டாக்கி, அதைத் தாத்தாவின் மடியில் வைத்தார்கள்.

தாத்தா தூக்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கனம் இல்ல. யாருதோ ரொட்டி இது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்குக் கோபம். "அஞ்சு நாளா கண்ணு நோக நோக வேல செஞ்சிருக்கேன், ரொட்டியாம்!"

"கோச்சுக்காதீங்க. ரொட்டின்னு சொல்ற அளவுக்காவது பேசினாரே."

அடுத்ததை அப்பா உலர்ந்த களிமண் பலகை மேல் செய்தார். இப்போது கனம் இருந்தது. பக்கவாட்டு விளிம்புகளைப் பழைய வழக்கப்படி பின்னால் மடித்துவிட்டார். தூணில் மாட்டும்போது ஓரம் தூணோடு படிந்து உட்காருவதற்காக அந்த மடிப்பு. தாத்தாவின் விரல்கள் மடிப்பைப் பிடித்தன. முதுகு நிமிர்ந்தது. இருட்டில் அவர் மூச்சு மாறியது அம்மாவுக்குக் கேட்டது.

"ம்," என்றார். இடக்கைக் கட்டைவிரல் கீழே, ஓரத்துக்குப் போனது. அங்கே எதையோ தேடியது. கிடைக்கவில்லை. மறுபடி தேடியது. விரல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"இது இல்ல," என்றார். "அவன் எங்க?"

"எவன்பா?"

"சின்னவன். அவன் தலையப் பிடிச்சுத்தான தூக்குவேன்."

அம்மா அப்பாவின் கையைப் பிடித்து நசுக்கினாள். அப்பா கதவைத் திறக்கக்கூட இல்லை. இடுப்பில் செருகியிருந்த மெழுகு உருண்டையைக் கிள்ளி, வாயில் போட்டு இளக்கி, தடவிப் பார்த்தே அந்த மூலையில் ஒரு சின்ன ஆளை ஒட்டினார். பெரியவர்களின் முழங்காலளவு. உருண்டைத் தலை. விரலை எடுத்துக்கொண்டார்.

தாத்தாவின் கட்டைவிரல் வந்தது. தலையில் உட்கார்ந்தது.

"இங்கதான் இருக்கியா," என்றார்.

பிறகு நிற்கவில்லை. மடை திறந்த மாதிரி வந்தது பேச்சு. சின்னவன் கையில் விசிறி இல்லை, பெட்டி. மூடியில் வரிவரியாகக் கோடு. அரசர் காலில் பவளம் இரண்டு அடுக்கு. விரல்கள் மேலே போயின. "அரசரோட வலக்கையத் தாங்குறவன் அவரோட ஒட்டி நிக்கிறான். அவன் இடது இடுப்பு அரசர் பக்கம். நடுவுல ஒரு விரல் போற எடம் இருக்கும், போடு, போடு... ஆங். அதுக்குள்ள துணி முடிச்சுதான். சிறுத்த இல்ல. அரசர்மேல இடிக்குமே, எப்படிக் கட்டுவான்? இடக்கையத் தாங்குற இந்தப் பக்கத்துக்காரனுக்கு இடது இடுப்பு வெளிய இருக்கு. அவனுக்குத்தான் சிறுத்த. காது ரெண்டும் நல்லா கூரா இருக்கும், துணி மாட்டும், பாத்துத் தொடைக்கணும்."

அப்பா இருட்டில் கிள்ளிக் கிள்ளி ஒட்டினார். அம்மா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வராமல்தான் அழுதாள். ஆனாலும் தாத்தாவுக்குக் கேட்டுவிட்டது.

"யாரு அழுறது? உள்ள தண்ணி சொட்டக் கூடாது. பித்தள பச்சையாயிரும்."

அரண்மனைக்குச் சொல்லி அனுப்பினார்கள். வாயால் சொன்னால் போதாது, பித்தளையில் வரட்டும் என்று உத்தரவு வந்தது. வார்க்கப் பித்தளை வேண்டுமே. அந்தக் காலத்தில் கடல் வியாபாரிகள் கொண்டுவந்த வளைந்த பித்தளைக் காப்புகளைத்தான் உருக்குவார்கள். எரிந்த வீடுகளின் சாம்பலிலிருந்து பொறுக்கியவை கொஞ்சம் கிடைத்தன. போதவில்லை. அப்போது தெருப் பெண்கள் கூடை கூடையாக ஒன்றைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பட்டாளம் சுட்டுப் போட்ட தோட்டா உறைகள். கிழங்குக்குப் பாத்தி வெட்டும்போதெல்லாம் மண்வெட்டியில் தட்டுப்படும். எடுத்து வேலியோரம் எறிந்து வைத்திருந்தார்கள். அதுவும் பித்தளைதான்.

அப்பா வெளிச்சத்தில் சின்னவனுக்குக் கண், மூக்கு, வாய் கீறிவிட்டு, மெழுகின் பின்விளிம்பில் விரல் தடிமன் மெழுகுத் தண்டுகளை ஒட்டினார். உருகிய பித்தளை உள்ளே ஓட ஒரு வழி; உள்ளே இருக்கிற காற்று வெளியே போக மெல்லிய வழிகள். பிறகு துணியில் வடித்த மென்சேற்றை இறகால் பூசினார். முதல் பூச்சுதான் முகத்தை எடுக்கும். அதில் ஒரு குமிழி இருந்தாலும் கன்னத்தில் கட்டி வந்துவிடும். அது காய்ந்ததும் இன்னொன்று, அப்புறம் மணல் கலந்த கரடு மண். கம்பியால் இறுக்கிக் கட்டி நிழலில் காயவிட்டார். வெயிலில் வைத்தால் வெடிக்கும். கடைசியில் பார்க்க ஏதோ பெரிய மண்ணாங்கட்டி மாதிரி இருந்தது.

வார்க்கிற அன்று இரும்புத் தெய்வத்துக்குச் சேவல் அறுத்தார்கள். பெண்கள் உலைப் பக்கம் வரக் கூடாது. அம்மா வாசலுக்கு வெளியே, தாத்தாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அச்சைத் தலைகீழாக நெருப்பில் வைத்தார்கள். மெழுகு உருகிச் சொட்டிப் பற்றிக்கொண்டது. தேன் கருகுகிற வாசனை தெருமுனை வரை வந்தது. தாத்தா செய்ய வைத்த அத்தனை முடிச்சும் கோடும் இப்போது வெறும் வெற்றிடம். இனிப் பிசகினால் திரும்ப மெழுகிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதற்கு நாள் இல்லை.

சிவக்கக் காய்ந்த அச்சைக் குழியில் வாய் மேலாகப் புதைத்தார்கள். துருத்தி ஊதுகிறவர்கள் மாறி மாறி ஊதினார்கள். பித்தளை உருகுகிற மண்மூசையின் மேல் பச்சை நெருப்பு ஆடி, வெள்ளைப் புகை கிளம்பியதும் அப்பா கையைத் தூக்கினார். ஊற்றும்போது நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் முதலில் போனது ஆறிவிடும், இரண்டும் சேராது. ஒரே மூச்சில் ஊற்றினார். காற்று வழிகளில் ஒவ்வொன்றாகப் பித்தளை எட்டிப் பார்த்தது.

"நெறஞ்சுருச்சு!" என்று உள்ளே கத்தினார்கள்.

"சின்னவன் வந்தானா?" என்று வெளியே இருந்து கேட்டார் தாத்தா.

ஆறின பிறகு அச்சை உடைத்தார்கள். மண் விலக விலக அரசர் வந்தார், பவளம் வந்தது, சிறுத்தையின் கூரான காது வந்தது, இலைகள் ஒன்று விடாமல் வந்தன. அப்பா ஈர மணலால் தேய்த்துக்கொண்டே கீழ் மூலைக்கு வந்தார். கை நின்றுவிட்டது.

சின்னவனுக்கு முகம் இல்லை. தலை இருந்தது, கண், மூக்கு, வாய் எதுவும் இல்லாமல் வழவழவென்று மழுங்கியிருந்தது. இருட்டில், கடைசியில் ஒட்டிய தலை. அதற்கு ஒரு காற்று வழி வைக்க அப்பா மறந்துவிட்டார். சிக்கிக்கொண்ட காற்று பித்தளையை உள்ளே விடவில்லை.

ஊனமான வார்ப்பு அரண்மனை வாசலை மிதிக்கக் கூடாது. உடைத்து மூசையில் போட வேண்டும். அதுதான் தெருவின் கட்டுப்பாடு. அப்பா பலகையை வாசலுக்குத் தூக்கிவந்து அம்மாவின் முன் வைத்தார். கையில் சம்மட்டி இருந்தது.

"நான் கெடுத்துட்டேன், இவியே. மொகமே வரல."

அம்மா பார்த்தாள். "அப்பாகிட்ட ஒரு தடவ காட்டிருங்க. அப்புறம் ஒடைங்க," என்றாள்.

பலகையைத் தாத்தாவின் மடியில் நிறுத்தினார்கள். இன்னும் லேசாகச் சூடு இருந்தது. அவர் விரல்கள் மடிப்பைப் பிடித்தன. கட்டைவிரல் மூலைக்குப் போனது. மழுங்கிய தலைமேல் உட்கார்ந்து மெதுவாக முன்னும் பின்னும் போனது.

"சரியா இருக்கு," என்றார்.

"மாமா, அவனுக்கு மொகம் இல்ல. தடவிப் பாருங்க."

"எப்படி இருக்கும்? எனக்கு முன்னால என் அப்பன், அவனுக்கு முன்னால அவன் அப்பன், எல்லாரும் இதையேதான பிடிச்சுத் தூக்கினோம். தேஞ்சு போச்சு. நான் மொதமொதல்ல கை வச்சப்பவே மொகம் இல்ல." அப்பாவின் சம்மட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "இதத்தான் கேட்டேன் மருமகனே. எப்படிடா உனக்குத் தெரிஞ்சுது?"

அப்பா சம்மட்டியைக் கீழே போட்டார். அப்படியே தாத்தாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

சபைக்குத் தாத்தாவே சுமந்து போனார். யாரையும் பிடிக்க விடவில்லை. வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, துணி நுனியால் துடைத்து, மடியில் நிறுத்தினார். யாருக்குச் சிறுத்தை, யாருக்கு முடிச்சு, ஏன் என்று விரல் வைத்துச் சொன்னார். சொல்லும்போது ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அசெமோத்தா எழுந்து நின்றார். இடுப்பில் சிறுத்தை முகத்தைக் கட்டிக்கொண்டே வந்திருந்தார். "மருமகன் செஞ்ச மெழுகுதான. எங்க அழுத்தினா அங்க பள்ளம் விழும். இதுக்குச் சாட்சி யாரு?" என்றார். பக்கத்தில் வந்து குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இந்தச் சின்னவன்..." என்றார்.

அந்தத் தலையை விரலால் தொட்டார்.

"என் அப்பா என்ன ஒரு தடவ கூட்டிட்டு வந்தார். அவர் இடுப்பு உயரம்தான் இருப்பேன் அப்ப. இவனப் பாத்துட்டு, ஏம்பா இவனுக்கு மொகம் இல்லன்னு கேட்டேன். பெரியவங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் இத மறந்தே போயிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத எவனும் கற்பனையில செய்ய முடியாது."

அவர் தன் இடுப்பிலிருந்த சிறுத்தை முகத்தின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிப்போய் வரவில்லை. தாத்தாவின் முன் மண்டியிட்டார்.

"அண்ணே, நீங்களே அவுத்து விடுங்க. காலிப் பானைன்னு சொன்ன வாயி இது. அதயும் மனசுல வச்சுக்காதீங்க."

"பானையா? எந்தப் பானை?" என்றார் தாத்தா. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. சபை சிரித்தது. இந்தத் தடவை அசெமோத்தாவும் சிரித்தார். தாத்தாவின் விரல்கள் முடிச்சைப் பார்க்காமலே அவிழ்த்தன.

அந்த விழாவில் அயிக்பேயின் இடுப்பில்தான் சிறுத்தை ஆடியது. காவல் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அன்றிலிருந்து தாத்தா மரத்தட்டைத் துடைக்கவில்லை. அம்மா அதில் நிம்மதியாகக் கோலாக்கொட்டை வைத்தாள். அடுத்த மழைக்கு முன் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். நான் பிறந்தது அதற்கு வெகுகாலம் கழித்து; இதெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது.

என் தங்கை மகள் ஒசாசேரே கடல் தாண்டிப் போய் நர்ஸாக வேலை பார்க்கிறாள். ஒரு விடுமுறை நாளில் அங்கே இருக்கிற பெரிய அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்தே போன் செய்தாள். நம் பலகைகள் சுவர் முழுக்க வரிசையாக நிற்கின்றன, தூசியே இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதால் தொட முடியவில்லை என்றாள்.

"பெரியம்மா, இங்க ஒண்ணு இருக்கு. அரசர், ரெண்டு பக்கமும் ரெண்டு பேர். கீழ ஓரத்துல சின்னதா ஒருத்தன், பெட்டி வச்சிருக்கான். அவனுக்கு மொகமே இல்ல. யாரோ தேச்சுவிட்டிருக்காங்க."

"யாரோ இல்லடி," என்றேன்.